ரீஃபண்ட் போட்டாச்சு, பணம் வரவில்லை: வாடிக்கையாளர் சொல்லும் குறையை வைத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி

வடசேரியில் நாட்டிய நகை செய்து ஆன்லைனில் விற்கும் எங்களைப் போன்ற கடைகளுக்குக் கார்த்திகையும் மார்கழியும் நெருக்கடியான மாதங்கள். அரங்கேற்றமும் சபா நிகழ்ச்சிகளும் வரிசையாக வரும். செட் போகும் வேகத்தில் சில திரும்பியும் வரும். ஒட்டியாணம் எட்டவில்லை, ஜிமிக்கியில் ஒரு கல் உதிர்ந்திருக்கிறது, ராக்கொடி படத்தில் பார்த்ததைவிடச் சிறிது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். திரும்பி வந்த நகையைச் சமாளித்துவிடலாம். அதற்கான பணத்தைத் திருப்புகிற வாரத்தில்தான் போன் ஓயாது.

பணம் பேமென்ட் கேட்வேயில் சிக்கியிருக்கிறதா, வங்கியில் நிற்கிறதா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. அவர் பார்ப்பதை அவர் சொல்கிறார். அதனால் போனில் கேட்கும் வாசகத்தையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதைத் திறந்து பார்க்க வேண்டும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

## “பத்து நாளாச்சு அக்கா, இன்னும் வந்து சேரல்லியே”

இந்தக் குறைதான் அதிகம் வரும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பத்து நாள் எந்த நாளிலிருந்து என்பது. வாடிக்கையாளர் கூரியரில் பார்சலைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணுவார். கடைக்காரர் ரீஃபண்ட் பொத்தானை அழுத்திய நாளிலிருந்து எண்ணுவார். வங்கியோ கேட்வேயிடமிருந்து தகவல் தன்னிடம் வந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும். “ஏழு வேலை நாளில் வரும்” என்று மூன்று பேரும் ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டு மூன்று வெவ்வேறு தேதிகளை மனதில் வைத்திருப்பார்கள். சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அடுத்து கேட்வேயின் டாஷ்போர்டைத் திறந்து அந்த ரீஃபண்டின் நிலையைப் பாருங்கள். பெயர்கள் கேட்வேக்குக் கேட்வே கொஞ்சம் மாறினாலும் பெரும்பாலும் `pending`, `processed`, `failed` என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும்.

`pending` என்றால் பணம் இன்னும் உங்கள் பக்கத்தைவிட்டே கிளம்பவில்லை. இதற்கு மிகச் சாதாரணமான காரணம், கேட்வேயில் உங்கள் இருப்பு போதவில்லை என்பது. ரீஃபண்ட் தொகை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போவதில்லை. கேட்வேயில் சேர்ந்திருக்கும், இன்னும் உங்களுக்கு செட்டில் ஆகாத தொகையிலிருந்துதான் கழியும். அன்றன்றைக்கு செட்டில்மென்ட் வாங்கிவிடும் சிறிய கடைகளில் மாலையில் இருப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அழுத்திய ரீஃபண்ட், அடுத்த ஆர்டர்களின் பணம் விழும்வரை அப்படியே காத்திருக்கும். சில கேட்வேகளில் காத்திருக்கவும் செய்யாது, நேராக `failed` ஆகிவிடும். பொத்தானை அழுத்தியவர் வேலை முடிந்தது என்று நினைத்து, “போட்டாச்சு” என்று மெசேஜும் அனுப்பியிருப்பார். இந்த நிலையில் வாடிக்கையாளரிடம் வங்கியைக் குறை சொல்லக் கூடாது. தவறு நம் பக்கம். கேட்வேயின் ரீஃபண்ட் இருப்பில் பணம் போட்டுவிட்டு, புதிய தேதியைச் சொல்ல வேண்டும்.

`processed` என்ற நிலையும் ஆளை ஏமாற்றும். கேட்வே தன் வேலையை முடித்துத் தகவலை வங்கி வழிக்கு அனுப்பிவிட்டது என்பதே அதன் பொருள். வாடிக்கையாளர் கணக்கில் பணம் ஏறிவிட்டது என்று அது சொல்லவில்லை. கார்டில் கட்டிய பணம் என்றால் இதற்குப் பிறகு 5 முதல் 7 வேலை நாள் வரை ஆகலாம். யுபிஐ என்றால் பெரும்பாலும் அன்றோ ஒன்றிரண்டு நாளிலோ வந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு உதவப்போவது ஓர் எண். கார்டு ரீஃபண்டுக்கு டாஷ்போர்டில் `ARN` என்று 23 இலக்க எண் வரும். யுபிஐக்கு `RRN` என்று 12 இலக்க எண். கார்டுக்கான எண் உடனே வராது, ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். வந்ததும் கேட்காமலேயே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் தன் வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் அந்த எண்ணைச் சொன்னால், பணம் தங்களிடம் வந்துவிட்டதா என்று அவர்களால் தேடிப் பார்க்க முடியும். எண் இல்லாமல் “ஒரு கடையிலிருந்து ரீஃபண்ட் வரணும்” என்று மட்டும் சொன்னால், “கடையையே கேளுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட்டும் அங்கே எடுபடாது.

தேதி சொல்லும்போது “ஏழு வேலை நாள்” என்று எழுதாமல் ஒரு காலண்டர் தேதியை எழுதுங்கள். எந்த நாள் வேலை நாள் என்று யோசிக்கும் பொறுப்பு வாடிக்கையாளருக்கு வேண்டாம். ஞாயிறும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் வங்கி விடுமுறை என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற சனிக்கிழமைகளையும் எண்ணாமல் விட்டுவிட்டால் சொன்ன தேதி தவறாது.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை. அய்யா வைகுண்டர் அவதார தினத்துக்கும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். கலெக்டர் அறிவிப்பின் கடைசி வரியைப் படித்தால், இது செலாவணி முறிச் சட்டத்தின்படியான விடுமுறை அல்ல என்று இருக்கும். அதாவது வங்கிகளுக்கு அது வேலை நாள். கடையைப் பூட்டியிருப்பதால் நம் வேலை ஒருநாள் தள்ளிப்போகலாம், வங்கிக் கணக்கில் அந்த நாள் தள்ளாது.

## ஒரு கேஸ், தேதி தேதியாக

தக்கலையிலிருந்து ஒரு தாய், மகளின் அரங்கேற்றத்துக்கு ₹7,200க்கு முழு செட் வாங்கினார். முன்பு ஒரு வளையல் மாற்றியதில் கிடைத்த ₹700 ஸ்டோர் கிரெடிட் அவர் பெயரில் இருந்தது. மீதி ₹6,500ஐக் கிரெடிட் கார்டில் கட்டினார். ஒட்டியாணம் 34 அங்குலம் வரை விரியும் என்று பக்கத்தில் போட்டிருந்தோம். போனது 32ல் நின்றுவிட்டது. செட்டில் ஒட்டியாணத்தின் விலை ₹2,160. அதை மட்டும் திருப்பி அனுப்பினார்.

நவம்பர் 27, வியாழன்: கூரியரில் கொடுத்தார். அவருடைய எண்ணிக்கை அன்றே தொடங்கிவிட்டது. 29, சனி: பார்சல் கடைக்கு வந்தது. டிசம்பர் 1, திங்கள்: பிரித்து அளந்து பார்த்தோம். 2, செவ்வாய் மாலை: ரீஃபண்ட் அழுத்தப்பட்டது. அன்றைய செட்டில்மென்ட் ஏற்கெனவே போய்விட்டதால் கேட்வேயில் ₹850தான் இருந்தது, நிலை `pending`. 3, புதன்: திருவிழா விடுமுறை, கடை பூட்டு. ஆனால் ஆர்டர்கள் விழுந்துகொண்டிருந்தன, பிற்பகலில் இருப்பு நிரம்பி நிலை `processed` ஆனது. 5, வெள்ளி: ஏ.ஆர்.என். எண் வந்தது. 9, செவ்வாய்: கார்டில் பணம் ஏறியது.

கார்டு வழிக்கு இது நல்ல வேகம்தான். 3ஆம் தேதியிலிருந்து எண்ணினால் நான்காவது வேலை நாளிலேயே வந்துவிட்டது. ஆனால் 8ஆம் தேதி காலையில் அவர் போன் செய்தபோது, அவர் கணக்கில் பதினோரு நாள் ஓடியிருந்தது. “ஏழு நாள்னு சொன்னியளே” என்று கேட்டார், அவர் பக்கம் அது நியாயம். பார்சல் வந்த அன்றே ஒரு மெசேஜ், பொத்தானை அழுத்திய பிறகு நிலையைப் பார்த்து ஒரு மெசேஜ், எண் வந்ததும் ஒரு மெசேஜ் என்று போயிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது. இரண்டாவது மெசேஜ் இப்படி இருக்கலாம்:

> உங்கள் ஒட்டியாணத்துக்கான ரீஃபண்ட் ₹2,160 இன்று (டிசம்பர் 3) கேட்வேயிலிருந்து உங்கள் வங்கிக்குப் போய்விட்டது. நீங்கள் பணம் கட்டிய அதே கிரெடிட் கார்டில் டிசம்பர் 12க்குள் வரவு தெரியும். ட்ராக்கிங் எண் கிடைத்ததும் அனுப்புகிறோம். இதற்காக உங்களிடம் ஓடிபியோ பின் நம்பரோ நாங்கள் கேட்கமாட்டோம்.

முழு ₹2,160ஐயும் கார்டுக்கே அனுப்பியதற்குக் காரணம் உண்டு. ஸ்டோர் கிரெடிட்டும் பணமும் கலந்து கட்டிய ஆர்டரில் ஒரு பகுதி திரும்பினால், எதை எங்கே திருப்புவது என்ற கேள்வி வரும். கட்டிய விகிதத்திலேயே பிரிப்பது ஒரு வழி: ₹7,200ல் ₹700 கிரெடிட் என்றால், ₹2,160ல் ₹210 கிரெடிட்டாகவும் ₹1,950 கார்டுக்கும் போக வேண்டும். பிடிக்கவில்லை என்று திரும்பி வரும் பொருளுக்கு இந்த விகிதக் கணக்கு நேர்மையானது. கிரெடிட்டைக் காசாக மாற்றிக்கொள்ளும் தந்திரமும் இதில் நடக்காது. ஆனால் இங்கே அளவு தவறியது எங்கள் பக்கம். நம் தவறுக்குத் திரும்பி வரும் பொருளுக்குக் கார்டில் கட்டிய தொகை இடம் கொடுக்கும்வரை முழுவதையும் கார்டுக்கே அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து. எதைப் பின்பற்றினாலும் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். கேஸ் வந்த பிறகு முடிவெடுத்தால் ஆளுக்கொரு நியாயம் ஆகிவிடும்.

## “எனக்கு கிரெடிட் வேண்டாம், பைசாதான் வேணும்”

இந்த வாசகம் போனில் வந்துவிட்டால், பெரும்பாலும் கடை அவரைக் கேட்காமலேயே ஸ்டோர் கிரெடிட் போட்டுவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பதும் புரியாத விஷயமில்லை. ரீஃபண்ட் செய்தாலும் கேட்வே கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை. 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் என்று வைத்தால், ₹2,160க்கு ஏறத்தாழ ₹51 நம் கையைவிட்டுப் போகும். கிரெடிட்டாகக் கொடுத்தால் அந்த விற்பனை கடைக்குள்ளேயே நிற்கும்.

ஆனால் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. கேட்வே நடத்தும் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி கொடுத்த வழிகாட்டுதலின்படி, வாடிக்கையாளர் வேறு வழிக்குக் குறிப்பாகச் சம்மதித்தால் தவிர, ரீஃபண்ட் பணம் கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டும். 2020ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது, அதற்குக் கட்டிய பணத்தைத் திருப்ப மறுக்கவும் கூடாது என்கின்றன. 34 அங்குலம் என்று போட்டு 32 அனுப்பியது இதில் நேராக விழும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளுக்கான பணத்தை பில்லில் சொன்ன காலத்துக்குள் திருப்பாததை நேர்மையற்ற வணிக முறை என்று வைத்திருக்கிறது. பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். ரசீதின் அடியில் ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று முத்திரை குத்தி இதிலிருந்து தப்ப முடியாது. 1915க்கு ஒரு போன் போனாலே கடைக்குத் தலைவலி தொடங்கிவிடும். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் ஒரு மனு விழுந்தால், அந்த ₹51 மிகச் சிறிய தொகையாகத் தெரியும்.

பொருளில் குறை இல்லை, நிறம் பிடிக்கவில்லை அல்லது மனம் மாறிவிட்டது என்றால் கதை வேறு. அங்கே கடையின் ரிட்டர்ன் கொள்கை பேசும். வாங்கும் முன்பே கண்ணில் படும்படி ‘இந்த மாதிரி ரிட்டர்னுக்கு ஸ்டோர் கிரெடிட் மட்டும்’ என்று எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். வாங்கிய பிறகு மெயிலில் அனுப்பும் கொள்கைக்கு எடை கிடையாது.

சரி, ஏற்கெனவே கிரெடிட் போட்டாயிற்று, வாடிக்கையாளர் பணம்தான் கேட்கிறார். இப்போது வரிசை முக்கியம். முதலில் அந்தக் கிரெடிட்டில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பூஜ்யமாக்குங்கள். அதன் பிறகுதான் கேட்வேயில் ரீஃபண்ட் அழுத்த வேண்டும். முதலில் பணத்தை அனுப்பிவிட்டுக் கிரெடிட்டை நாளை நீக்கலாம் என்று விட்டால், அந்த இரவில் அதை வைத்து ஓர் ஆர்டர் விழுந்திருக்கும். வாடிக்கையாளர் மோசடி செய்தார் என்றும் சொல்ல முடியாது, திரையில் கிரெடிட் இருந்தது, பயன்படுத்தினார். பாதியை ஏற்கெனவே செலவழித்திருந்தால் மீதியை மட்டும் பணமாகத் திருப்புங்கள்.

இன்னொரு சிக்கல், பழைய ஆர்டர்கள். சில மாதங்கள் கடந்துவிட்டால் கேட்வே பழைய பேமென்ட்டுக்கு ரீஃபண்ட் அனுமதிக்காது. அந்தக் காலக்கெடு கேட்வேயைப் பொறுத்தது. ஆறு மாதம் கிரெடிட்டாகக் கிடந்துவிட்டு இப்போது பணமாக வேண்டும் என்றால், வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு வங்கிக் கணக்குக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஸ்டோர் கிரெடிட்டை நான் வெறுக்கவில்லை. சில நேரம் வாடிக்கையாளருக்கே அதுதான் நல்லது. அரங்கேற்றம் வரும் ஞாயிறு, ஒட்டியாணம் வேறு அளவில் உடனே வேண்டும் என்றால், கார்டில் பணம் வரும்வரை அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? கிரெடிட் அந்த நிமிடமே விழும், அடுத்த ஆர்டரை அன்றே அனுப்பலாம். அதை இரண்டு வழியில் ஒன்றாக முன்வையுங்கள். பணத்தை முதலில் சொல்லுங்கள்:

> ₹2,160ஐ நீங்கள் கட்டிய கார்டுக்கே திருப்பலாம், டிசம்பர் 12க்குள் வரும். அல்லது இன்றே எங்கள் கடையில் ₹2,160 கிரெடிட்டாகப் போடலாம், ஒரு வருடம் வரை பயன்படுத்தலாம், மற்ற கடைகளில் செல்லாது, பிறகு பணமாக மாறாது. எது வேண்டும் என்று பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கார்டுக்கே அனுப்பிவிடுவோம்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கிரெடிட் போடும் கடைகளுக்குத்தான் இந்தத் தலைப்பிலுள்ள போன் வரும். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் ‘கிரெடிட் போதும்’ என்ற ஒரு வரியை ஆர்டர் குறிப்பில் சேமித்து வையுங்கள். குறிப்பான சம்மதம் என்று கேட்டால் காட்ட அது வேண்டும்.

## “ஜிபேயில பார்த்தேன், ஒண்ணும் இல்லை”

ஆப்பில் தேட வேண்டாம், வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். யுபிஐ ரீஃபண்ட் ஆப்புக்கு வருவதில்லை, பணம் கழிந்த வங்கிக் கணக்குக்கே போகிறது. ஆப்பின் பட்டியலில் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. பாஸ்புக்கிலோ வங்கியின் சொந்த ஆப்பிலோ 12 இலக்க எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கை இணைத்திருப்பவர்கள் தவறான கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டியிருந்தால் பணம் அந்தக் கார்டில் ஏறும், சேமிப்புக் கணக்கில் அல்ல. கல்ஃபில் இருக்கும் மகனோ கணவரோ ஸ்கேன் செய்து கட்டிய ஆர்டர் நம் ஊரில் நிறைய. பணம் அவர் கணக்கில் வந்து கிடக்கும், இங்கே அம்மா நம்மைத் திட்டிக்கொண்டிருப்பார்.

கட்டிய கணக்கையே மூடிவிட்டிருந்தால் ரீஃபண்ட் `failed` என்று திரும்பிவிடும். அப்போதுதான் வேறு கணக்கு விவரம் கேட்க வேண்டும். கார்டு காலாவதியாகிப் புதிய கார்டு வந்திருந்தால் கவலை வேண்டாம், வங்கி பொதுவாக அதே கணக்கில் சேர்த்துவிடும்.

## “கிரெடிட் கார்டு பில்லில் முழுத் தொகையும் அப்படியே நிற்கிறது”

நம் தக்கலைக்காரருக்கு 5ஆம் தேதி பில் வந்தது. அதில் ₹6,500ம் இருந்தது. 9ஆம் தேதி ₹2,160 வரவானது. கட்ட வேண்டிய கடைசி நாள் 23. இப்போது எவ்வளவு கட்ட வேண்டும்?

ரிசர்வ் வங்கியின் கார்டு வழிமுறைகளில் இதற்குப் பதில் இருக்கிறது. கடைசி நாளுக்கு முன்பே ரீஃபண்ட் வந்து, அந்தப் பணத்தை வாடிக்கையாளர் இன்னும் கட்டவில்லை என்றால், வங்கி அதைக் கட்ட வேண்டிய தொகையில் உடனே கழித்து அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்கெனவே கட்டி முடித்த பிறகு ரீஃபண்ட் வந்தால், அது கிரெடிட் லிமிட்டின் 1 சதவீதம் அல்லது ₹5,000, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால், லிமிட்டில் சேர்க்க வங்கி அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அவருடைய வங்கிக் கணக்குக்குத் திருப்ப வேண்டும்.

நடைமுறையில் ஆப் திரையில் பழைய தொகையே நிற்பதும் உண்டு. அதனால் நாம் “குறைத்துக் கட்டுங்கள்” என்று சொல்லக் கூடாது. வங்கியைக் கேட்டு உறுதி செய்துகொண்டு கட்டச் சொல்லுங்கள், தாமதக் கட்டணம் விழுந்தால் அந்தப் பழி நம்மேல் வரும்.

இஎம்ஐயில் வாங்கியவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. நாம் முழுத் தொகையைத் திருப்பினாலும் இஎம்ஐ தானாக நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது, வங்கிக்குப் போன் செய்து ரத்து செய்யச் சொல்ல வேண்டும். அதுவரை போன வட்டியை வங்கி திருப்பாமல் இருக்கலாம்.

இதன் தலைகீழ் குறையும் வரும்: “ரீஃபண்ட் வரவே இல்லை, ஆனா வாங்கினதும் ஸ்டேட்மென்ட்டில் இல்லை.” வாங்கிய அன்றே ரத்து செய்த ஆர்டரில் இது நடக்கும். பணம் வங்கியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததே தவிர எடுக்கப்படவில்லை. நிறுத்தி வைத்ததை விடுவித்துவிட்டால் கழிவு வரியும் இல்லை, வரவு வரியும் இல்லை. அவர் தேடும் வரவு வரி எப்போதும் வரப்போவதில்லை என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

## “பணம் போயிட்டு, ஆர்டர் விழல்ல, ரீஃபண்ட் போடுங்க”

இது ரீஃபண்டே அல்ல, அதனால் பொத்தானைத் தேடாதீர்கள். கேட்வேயில் அவருடைய போன் எண்ணையோ 12 இலக்க எண்ணையோ வைத்துத் தேடுங்கள். `captured` என்று கிடைத்தால் பணம் நம்மிடம்தான் இருக்கிறது, ஆர்டரைப் போடலாம் அல்லது திருப்பலாம். `authorized` என்று மட்டும் இருந்தால் நாம் எடுத்துக்கொள்ளாதவரை அது தானாகத் திரும்பிவிடும். ஒன்றுமே இல்லையென்றால் பணம் வங்கிகளுக்கு இடையில் நிற்கிறது.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடைக்கு யுபிஐயில் கட்டியதோ இணையத்தில் கார்டில் கட்டியதோ இப்படி நின்றுவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 வாடிக்கையாளருக்கு நஷ்ட ஈடு. இந்த ₹100 செய்தியாகப் பரவியதால், சாதாரண ரிட்டர்ன் ரீஃபண்டுக்கும் அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு மட்டும் பொருந்தும் விதி அது. பொருளைத் திருப்பியதற்கான பணத்துக்குப் பொருந்தாது.

## “கையில காசு கொடுத்துத்தான் வாங்கினேன், எப்படித் திருப்புவீங்க?”

சிஓடியில் திருப்பி அனுப்ப மூல வழி என்று ஒன்று இல்லை. கூரியர்காரர் வாங்கிய காசு கூரியர் நிறுவனம் வழியாக நமக்கு வந்துசேரும், அதே பாதையில் திரும்பாது. அதனால் கணக்கு எண்ணோ யுபிஐ ஐடியோ வாங்கித்தான் ஆக வேண்டும். இங்கேதான் ஸ்டோர் கிரெடிட்டைத் திணிக்கும் ஆசையும் அதிகம். அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

விவரத்தை போனில் கேட்காமல், ஆர்டர் போட்ட அதே எண்ணுக்கு லிங்க் அனுப்பி வாங்குங்கள். கணக்கில் உள்ள பெயர் ஆர்டர் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ரீஃபண்ட் தருகிறோம் என்று போன் செய்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்லி, பின் நம்பரைப் போட வைத்துப் பணத்தை எடுக்கும் கும்பல்கள் உண்டு. பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை என்பதை ஒவ்வொரு மெசேஜிலும் ஒரு வரி எழுதுங்கள்.

## “ரெண்டு தடவை வந்திருக்கு”

இதை வாடிக்கையாளர் அபூர்வமாகத்தான் சொல்வார், பெரும்பாலும் கணக்குப் பார்க்கும்போது நாம்தான் கண்டுபிடிப்போம். கேட்வே ரீஃபண்ட் வழியில் இருக்கும்போது அவர் கோபப்பட, நாம் பயந்து சொந்த ஜிபேயிலிருந்து அனுப்பிவிட, பிறகு கேட்வே பணமும் போய்ச் சேர்வதுதான் வழக்கமான காரணம். `processed` ஆன ரீஃபண்டைத் திரும்ப இழுக்க முடியாது. அதனால் நிலை `failed` என்று கண்ணால் பார்க்கும்வரை வேறு வழியில் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.

இன்னொரு காரணம் வங்கியில் போட்ட புகார். காத்திருந்து சலித்தவர் தன் வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துவிடுவார், வங்கி நம் கணக்கிலிருந்து பணத்தைப் பிடித்துவைக்கும், நம் ரீஃபண்டும் தனியாகப் போயிருக்கும். அப்படி அறிவிப்பு வந்தால் பதில் சொல்லச் சில நாட்களே தருவார்கள். ரீஃபண்ட் தேதி, தொகை, ஏ.ஆர்.என். எண் மூன்றையும் இணைத்து அந்த அவகாசத்துக்குள் கேட்வே வழியாகப் பதில் அனுப்புங்கள். ரீஃபண்ட் இன்னும் அழுத்தப்படாத ஆர்டரில் இந்த அறிவிப்பு வந்தால், புகார் முடியும்வரை பொத்தானைத் தொடாதீர்கள். பணம் வங்கி வழியாகவே அவரிடம் போய்விடும்.